பேசும் வீடியோவில் காட்சி மாற்றம்: நான்கு நொடிக் கணக்கு எங்கே சரி, எங்கே தவறு

கேமராவைப் பார்த்துப் பேசி வீடியோ எடுக்கத் தொடங்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே ஓர் அறிவுரை கிடைத்துவிடும்: “மூன்று நான்கு நொடிக்கு ஒரு முறை திரையில் எதையாவது மாற்றிக்கொண்டே இரு, இல்லையென்றால் பார்ப்பவர் போய்விடுவார்.” மனிதனின் கவனம் தங்கமீனின் கவனத்தைவிடக் குறுகிவிட்டது, அது எட்டு நொடிதான் என்ற செய்தியையும் கூடவே சொல்வார்கள். அந்த எட்டு நொடிக் கணக்குக்குப் பின்னால் நம்பத்தக்க ஆய்வு எதுவும் இல்லை. இரண்டரை மணி நேரப் படத்தை உட்கார்ந்து பார்க்கும் அதே மனிதர்தான் நம்முடைய வீடியோவைப் பதினைந்தாவது நொடியில் விட்டுப் போகிறார் என்பதே அதற்குப் போதிய பதில்.

ஆனால் அறிவுரை முழுவதும் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. திரையில் ஏற்படும் மாற்றம் கண்ணை இழுக்கிறது என்பது உண்மை. எப்படி இழுக்கிறது, எவ்வளவு நேரத்துக்கு இழுக்கிறது, அதற்குப் பார்ப்பவர் என்ன விலை கொடுக்கிறார் என்ற மூன்றும் பேசப்படாமல் வெறும் நொடிக் கணக்கு மட்டும் கைமாறி வருவதால்தான், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முகம் முன்னும் பின்னும் பாயும் வீடியோக்கள் இவ்வளவு பெருகியிருக்கின்றன. இந்தக் கட்டுரை அந்த மூன்றையும் சொல்லி, பிறகு ஒரு நிமிட வீடியோ ஒன்றின் எழுத்துப் பிரதியில் மாற்றங்களை எந்தச் சொல்லில் குறிப்பது என்று செய்து காட்டுகிறது.

## மின்விசிறி நின்றால்தான் காதில் விழும்

அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் ஓசை தொடர்ந்து காதுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் நாம் கேட்பதில்லை. திடீரென்று மின்சாரம் போய் ஓசை நிற்கும்போது தலை தானாக நிமிர்கிறது. ஓடும் பேருந்தில் தூங்கிவிட்டு, வண்டி எங்கோ நின்றவுடன் விழித்துக்கொள்வதும் இதே வகைதான். இரண்டிலும் நம்மை எழுப்பியது பெரிய சத்தம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இருந்த ஒன்று இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

ஒரே தூண்டுதல் திரும்பத் திரும்ப வரும்போது மூளை அதற்கு எதிர்வினை காட்டுவதைக் குறைத்துக்கொள்வதைப் பழகிப்போதல் என்கிறோம். பழகிய ஒழுங்கில் ஏதாவது மாறியவுடன் தலையும் கண்ணும் காதும் நம்மைக் கேட்காமலே அந்தப் பக்கம் திரும்புவது திரும்பிப் பார்க்கும் அனிச்சை. ருஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லோவ் இதற்கு ‘அது என்ன?’ அனிச்சை என்று பெயரிட்டார். மணி ஒலித்தால் உணவு வரும் என்று பழக்கிவைத்த நாயைப் பார்க்க விருந்தினர் யாராவது ஆய்வறைக்குள் வந்தால், நாய் மணியை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்க்கும். அன்றைய செயல்விளக்கம் கெட்டுப்போகும். அந்தத் திரும்பல்தான் இந்த அனிச்சை. பின்னாளில் சோவியத் ஆய்வாளர் யெவ்கெனி சோகோலோவ் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால் எதிர்வினை மறைந்துபோகிறது. ஒலியை மாற்றினால் மட்டுமல்லாமல், வரவேண்டிய நேரத்தில் வராமல் விட்டாலும் அது மீண்டும் எழுகிறது. மூளை வெளியுலகின் மாதிரி ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு, வருவது அதனோடு பொருந்தாதபோது விழித்துக்கொள்கிறது என்று அவர் விளக்கினார்.

வீடியோக்காரர்கள் ‘பேட்டர்ன் இன்டரப்ட்’ என்று சொல்வது இதைத்தான்: பார்ப்பவருக்குப் பழகிவிட்ட ஒழுங்கை வேண்டுமென்றே உடைக்கும் ஒரு மாற்றம். இந்தச் சொல் 1970களில் அமெரிக்காவில், பேச்சு உத்திகளால் மனத்தை மாற்றலாம் என்று சொன்ன என்.எல்.பி. என்ற பயிற்சி வட்டாரத்தில் புழங்கி, விற்பனைப் பேச்சுக்குப் போய், அங்கிருந்து வீடியோவுக்கு வந்தது. அந்த வட்டாரத்தின் பெரும்பாலான உரிமைகோரல்களுக்கு அறிவியல் ஆதரவு மிகக் குறைவு. நமக்குத் தேவையானது பாவ்லோவும் சோகோலோவும் கண்ட பகுதி மட்டுமே.

இதிலிருந்து ஒரு விளைவு நேராக வருகிறது. சரியாக நான்கு நொடிக்கு ஒரு முறை வரும் மாற்றம், சில முறை வந்தபின் அதுவே ஓர் ஒழுங்காகிவிடுகிறது. மின்விசிறியின் ஓசையைப் போல அதையும் மூளை பட்டியலில் சேர்த்துவிட்டுக் கவனிப்பதை நிறுத்திவிடும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மாறாதது பழகிப்போகிறது, மாற்றம் திரும்பிப் பார்க்கவைக்கிறது, ஒரே தாளத்தில் வரும் மாற்றமும் பழகிப்போகிறது.

## கண் திரும்பிய பிறகு என்ன நடக்கிறது

தொலைக்காட்சி பார்ப்பவர்களின் இதயத்துடிப்பை அளந்து இதை ஆராய்ந்தவர்களில் அமெரிக்க ஊடக ஆய்வாளர் ஆனி லாங் முக்கியமானவர். திரையில் ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாறும் வெட்டு விழும்போதும் புதிய பொருள் நுழையும்போதும் பார்ப்பவரின் துடிப்பு சில நொடிகள் மெதுவாகி, பிறகு பழைய வேகத்துக்கு வருவதை அவர் பதிவு செய்தார். திரும்பிப் பார்க்கும் அனிச்சையின் உடல் அடையாளம் அது. ‘சில நொடிகள்’ என்பதைக் கவனியுங்கள். மாற்றம் நமக்குச் சம்பாதித்துத் தருவது அவ்வளவு நேரத்தைத்தான். அந்தச் சில நொடிக்குள் கேட்கத் தகுந்த ஒரு விஷயம் வந்து சேராவிட்டால், திரும்பிய கவனம் வந்த வழியே போய்விடும். நான்கு நொடிக் கணக்கு எங்கிருந்தோ முளைத்ததல்ல. இந்த இயல்பின் ஒரு பாதி அதில் இருக்கிறது. மற்ற பாதிதான் வழியில் தொலைந்துவிட்டது.

தொலைந்த பாதி விலையைப் பற்றியது. மூளையால் ஒரு நேரத்தில் கையாள முடிந்தது கொஞ்சம்தான். புதிய காட்சி வந்தால் ‘இது என்ன, முன்பு பார்த்ததோடு இதற்கு என்ன உறவு’ என்று கண்டுகொள்ள அதிலிருந்து ஒரு பங்கு செலவாகிறது. பேச்சைப் புரிந்துகொள்ள மிச்சம் இருப்பது அந்த அளவுக்குக் குறைகிறது. லாங்கும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முந்தைய காட்சியோடு தொடர்புள்ள காட்சிக்கு வெட்டினால் பார்ப்பவர் சொன்னதை நன்றாக நினைவில் வைத்திருந்தார். தொடர்பில்லாத காட்சிக்கு வெட்டினால் சுமை கூடி நினைவு சரிந்தது. கண்ணை இழுப்பதில் இரண்டு வெட்டும் சளைத்தவையல்ல. வேறுபட்டது உள்ளே என்ன தங்கியது என்பதுதான்.

வகுப்பறையில் ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பி ஒரு படம் வரைந்தால் நாம் நிமிர்ந்து பார்க்கிறோம். அவர் கையிலிருந்து சாக்பீஸ் தவறி விழுந்தாலும் நிமிர்ந்துதான் பார்க்கிறோம். முதலாவதில் பாடம் ஓர் அடி முன்னே போகிறது. இரண்டாவதில், விட்ட இடத்தை மீண்டும் பிடிக்க ஒரு கணம் ஆகிறது. ‘எதையாவது மாற்று’ என்ற அறிவுரைக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாது.

## மாற்றங்களின் கனம்

எல்லா மாற்றமும் ஒரே எடையுள்ளவை அல்ல. மிக லேசானது, இருக்கும் காட்சியிலேயே ஒரு சொல்லோ எண்ணோ தோன்றுவது. அதைவிடச் சற்றுக் கனமானது, முகத்தின் அளவை மாற்றுவது. அதற்கு மேல், பேசுபவரை விட்டு வேறு காட்சிக்குப் போவது; பேச்சு தொடர்ந்து ஓட, மேலே வைக்கப்படும் அந்த மாற்றுக் காட்சிக்கு பி-ரோல் என்று பெயர். எல்லாவற்றிலும் கனமானது இடமோ ஒலியோ அடியோடு மாறுவது: வெளிப்புறத்துக்குப் போவது, பின்னணி இசை சட்டென்று நிற்பது, பேசுபவர் இரண்டு நொடி பேசாமல் இருப்பது. கனம் கூடக்கூட இழுப்பும் கூடும், விலையும் கூடும். அதனால் கனமானவற்றைத் தலைப்பு மாறும் இடத்துக்கும், லேசானவற்றை ஒரே கருத்துக்குள் வரும் திருப்பங்களுக்கும் வைப்பது வழக்கம். பின்னணி இசை நிற்பதைப் பலரும் பயன்படுத்துவதே இல்லை. என் அனுபவத்தில், முக்கியமான ஒரு வாக்கியத்துக்கு முன் அதைவிட மலிவான கருவி கிடையாது.

இவற்றில் முக அளவை மாற்றுவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தனியாக வேலை செய்பவர்கள் நம்பியிருப்பது அதைத்தான். எடிட்டிங்கில் படத்தைச் சட்டென்று பெரிதாக்கி நெருக்கமான காட்சி போலக் காட்டுவதைப் பஞ்ச்-இன் என்பார்கள். பேசும் வீடியோவில் இது கவனத்தை இழுக்க மட்டுமல்ல, ஒரு குறையை மறைக்கவும் உதவுகிறது. பேச்சில் உள்ள தடுமாற்றங்களையும் இடைவெளிகளையும் வெட்டி எடுத்தால், வெட்டின் இரு பக்கமும் முகம் ஒரே அளவில் இருந்து தலை மட்டும் சற்றே இடம் மாறித் துள்ளுவது போலத் தெரியும். இந்தத் துள்ளலுக்குத்தான் ஜம்ப் கட் என்று பெயர். வெட்டு விழும் இடத்தில் அளவையும் மாற்றிவிட்டால், இது வேறொரு காட்சி என்று கண் ஏற்றுக்கொள்கிறது.

அதற்கு மாற்றம் போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும். 100 விழுக்காட்டில் இருந்த படத்தை 105 ஆக்கினால் அது புதிய காட்சியாகத் தெரியாது. யாரோ கேமரா முக்காலியை இடித்துவிட்டார்கள் போலத் தெரியும். 115 முதல் 130 வரையில்தான் அது வேண்டுமென்றே செய்ததாகப் படுகிறது. 3840×2160 அளவில் எடுத்து 1920×1080 அளவில் வெளியிடுபவர், இரு மடங்கு வரை பெரிதாக்கினாலும் படம் மங்காது. 1920×1080 அளவிலேயே எடுத்தவர் 120இல் நிறுத்திக்கொள்வது நல்லது.

பெரிதாக்கும்போது அடுத்து நடக்கும் தவறு கண்களின் உயரம் மாறிவிடுவது. 1080 புள்ளி உயரமுள்ள படத்தில் கண்கள் மேலிருந்து 360ஆவது புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மென்பொருள் படத்தை நடுவிலிருந்து, அதாவது 540ஆவது புள்ளியிலிருந்து விரிக்கும். கண்கள் நடுவுக்கு 180 புள்ளி மேலே இருந்தன. 120 விழுக்காடாக்கினால் அது 216 புள்ளியாகிறது, எனவே கண்கள் 324க்கு ஏறிவிடும். படத்தை 36 புள்ளி கீழே இறக்கினால் அவை பழைய இடத்துக்கே வரும். பார்ப்பவரின் பார்வை எப்போதும் பேசுபவரின் கண்களில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வெட்டிலும் அந்தக் கண்கள் ஏறி இறங்கினால், வாக்கியத்தின் முதல் சொல்லைக் கேட்கும் நேரத்தில் அவர் முகத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

படம் பத்துப் பதினைந்து நொடியில் மெல்ல மெல்ல நெருங்குவது வேறு வகை. அதில் திடீரென்று எதுவும் நிகழாததால் திரும்பிப் பார்க்கும் அனிச்சை எழுவதில்லை. பார்ப்பவருக்கு அது நடப்பதே தெரியாமல் போகலாம். ஒரு நீண்ட கதையை இறுக்கமாகச் சொல்ல அது உதவும், ஆனால் அதை மாற்றம் என்று கணக்கில் எழுதக்கூடாது.

சுருக்கமாக: கனமான மாற்றத்துக்கு விலை அதிகம், அதைக் கருத்து மாறும் இடத்துக்கு வைக்க வேண்டும், பஞ்ச்-இன் செய்தால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் செய்ய வேண்டும், கண்களின் உயரத்தை மாற்றாமல் செய்ய வேண்டும்.

## எழுதும்போதே குறிப்பது ஏன்

எடிட்டிங் மேசையில் உட்கார்ந்துகொண்டு ‘இங்கே கொஞ்சம் தொய்கிறதே’ என்று யோசிப்பவரிடம் இருப்பது எடுத்து முடித்த காட்சிகள் மட்டுமே. தங்க நகையைப் பற்றிய வீடியோ ஒன்றில் மோதிரத்தின் உட்புறம் தேவை என்று அப்போது தோன்றினால் அது இருக்காது. கையில் இருப்பது பஞ்ச்-இன், ஒரு வூஷ் ஒலி, இணையத்திலிருந்து எடுத்த சம்பந்தமில்லாத நகைக்கடைக் காட்சி. அவற்றைத்தான் தூவ வேண்டிவரும். என்னுடைய முதல் சில வீடியோக்களில் நான்கு நொடிக்கு ஒரு பஞ்ச்-இன் என்று கணக்காக வைத்திருந்தேன். வீட்டில் ஒன்றைப் பார்த்த என் சித்தி, சொன்ன விஷயத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை, “ஏன்டா, எதுக்கு அடிக்கடி முட்ட வர்ற மாதிரி கிட்ட கிட்ட வர்றே?” என்று மட்டும் கேட்டார்.

அதனால் காட்சியையும் பேச்சோடு சேர்த்தே எழுதும் இரு பத்திப் பிரதி தேவைப்படுகிறது. ஒரு பத்தியில் வாயால் சொல்வது, பக்கத்துப் பத்தியில் அந்தச் சொல்லின்போது திரையில் இருப்பது. தொலைக்காட்சியிலும் விளம்பரத்துறையிலும் நெடுங்காலமாகப் புழங்கும் வடிவம்தான் இது. நேரத்தைக் கணக்கிட, பேச்சைக் கேமராவில் பேசும் வேகத்திலேயே சத்தமாகப் படித்துக் கைபேசியில் பதிவு செய்துகொண்டால் போதும். மனத்துக்குள் படித்தால் எப்போதும் குறைவாகவே காட்டும்.

எடுத்துக்காட்டாக, தங்க நகையின் தூய்மைக்கு இந்தியத் தர அமைப்பான பிஐஎஸ் தரும் ஹால்மார்க் முத்திரையைப் பற்றிய ஒரு நிமிட வீடியோவை எடுத்துக்கொள்வோம். முதலில் பேச்சை மட்டும் எழுதி முடித்துவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் ஒரே ஒரு கேள்வியை வைக்க வேண்டும்: இதைக் கேட்பவர் இந்த இடத்தில் எதைப் பார்க்க விரும்புவார்? பதில் ‘பேசுபவரின் முகத்தை’ என்றால் மாற்றம் வேண்டாம். அப்படிச் செய்ததில் கிடைத்த பிரதி இது.

| நொடி | பேச்சு | திரை |
|---|---|---|
| 0–4 | நகைக்கடையில் ‘916’ என்று சொன்னதும் நாம் தலையாட்டிவிடுகிறோம். | முகம், மார்பளவு |
| 4–7 | அது விலையா, எடையா, வேறு எதுவுமா? | ‘விலையா’வில் பஞ்ச்-இன், 120 |
| 7–15 | சுத்தத் தங்கம் 24 காரட். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். | மீண்டும் 100. ‘22 பங்கு’ என்னும்போது பக்கத்தில் 22 ÷ 24 |
| 15–24 | வகுத்துப் பாருங்கள், 0.916. ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்றவை. | அதே காட்சி; எண்ணைச் சொல்லும்போது = 0.916 |
| 24–28 | இந்த எண் உங்கள் மோதிரத்திலேயே இருக்கிறது. | ‘மோதிரத்திலேயே’வில் மோதிரத்தின் உட்புறம், திரை முழுவதும் |
| 28–38 | மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் முத்திரை, 22K916, ஆறு இலக்கக் குறியீடு. | அதே காட்சி; சொல்லச் சொல்ல ஒவ்வொரு குறியைச் சுற்றியும் வட்டம் |
| 38–42 | இந்த மூன்றாவது குறி ஒவ்வொரு நகைக்கும் தனி. | முகம், 120. இசை நிற்கிறது |
| 42–53 | அதை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால், நகை எந்த மையத்தில், எந்தத் தூய்மையில் சோதிக்கப்பட்டது என்று காட்டும். | கைபேசித் திரைப் பதிவு |
| 53–60 | திரையில் வருவதும் கையில் இருப்பதும் பொருந்தவில்லையென்றால் வாங்காதீர்கள். | முகம், 100. முடியும் வரை மாற்றமில்லை |

இதில் திரை மாறும் இடங்கள் பதினொன்று. நான்கு நொடிக் கணக்கில் போயிருந்தால் பதினான்கு வந்திருக்கும். எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு அவை விழுந்த இடத்தில் இருக்கிறது. மூன்று வட்டங்களும் ஏறக்குறைய இரண்டு நொடி இடைவெளியில் நெருங்கி வருகின்றன, ஏனென்றால் பேச்சு மூன்று பொருளைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. 0.916 தோன்றியபின் ஏறக்குறைய ஒன்பது நொடி திரை அசையவில்லை. அந்த நேரத்தில் பார்ப்பவர் ஒரு வகுத்தலை மனத்துக்குள் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார், அவரைத் தொந்தரவு செய்யக் காரணமில்லை. நான்கு நொடிக் கணக்கு மிகச் சரியாக அந்த இடத்தில், 16ஆவது நொடியிலும் 20ஆவது நொடியிலும், அவர் கையைத் தட்டிவிட்டிருக்கும். கைபேசித் திரைப் பதிவு பத்து நொடிக்கு மேல் ஓடினாலும் அதற்குள் விரல் தட்டுகிறது, எழுத்துகள் விழுகின்றன, முடிவு வருகிறது. வெட்டு இல்லாமலே மாற்றம் அங்கே இருக்கிறது.

மாற்றம் எந்தச் சொல்லில் விழ வேண்டும் என்று பிரதியில் குறித்திருப்பதையும் பாருங்கள். சொல்லும் அது குறிக்கும் படமும் ஒன்றாக வந்தால் மக்கள் நன்றாகக் கற்கிறார்கள் என்பதைக் கலிபோர்னியாவின் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். ‘மோதிரத்திலேயே’ என்ற சொல் போய் இரண்டு நொடி கழித்து மோதிரம் வந்தால், அதற்குள் பேச்சு மூன்று குறிகளுக்குப் போயிருக்கும். கண் பின்னால் நிற்கும், காது முன்னால் ஓடும். ஆங்கில வாக்கியத்தில் வினை முன்னால் வந்துவிடும். தமிழில் அது கடைசியில் வருவதால், ‘வாக்கியம் தொடங்கியவுடன் வெட்டு’ என்ற பொதுவான குறிப்பு நமக்குப் பல இடங்களில் பொருந்தாது. பெயர்ச்சொல் எங்கே விழுகிறதோ அங்கே வெட்டுவதே தமிழுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

அப்படியென்றால் நொடிக் கணக்குக்கு வேலையே இல்லையா? உண்டு, ஆனால் கடைசியில். பிரதி முடிந்தபின் நேரப் பத்தியை மேலிருந்து கீழே பார்த்து, பேசுபவரின் முகம் பக்கத்தில் எதுவும் தோன்றாமல் ஒரே அளவில் பத்துப் பன்னிரண்டு நொடிக்கு மேல் நிற்கும் இடங்களில் ஒரு கோடு போடலாம். அந்த இடத்தில் சேர்க்க எந்தக் காட்சியும் தோன்றவில்லையென்றால், பெரும்பாலும் அங்கே பேச்சே ஒன்றும் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அதை வெட்டிவிட்டால் காட்சி தேவைப்படாது.

## கெட்டுப்போகும் வழிகள்

அடிக்கடி காணும் தவறு, வாயால் சொல்லும் முழு வாக்கியத்தையும் திரையில் எழுத்தாக ஓடவிட்டுவிட்டு அதன் மேலேயே படத்தையும் எண்ணையும் அடுக்குவது. கண்ணால் எழுத்தைப் படித்தால் படத்தைப் பார்க்க முடியாது. ஒலியில்லாமல் பார்ப்பவருக்கும் காது கேளாதவருக்கும் முழு எழுத்து தேவை என்பது உண்மை. அவர்களுக்கு, வேண்டும்போது தட்டி வரவழைத்துக்கொள்ளும் துணையெழுத்தை இணைக்கலாம். திரையில் நிலையாகப் போடும் எழுத்து ஓர் எண்ணோ இரண்டு சொல்லோ மட்டும் இருந்தால் அது சுட்டுவிரல் போல வேலை செய்யும்.

இன்னொன்று அலங்காரம். பேச்சில் ‘பணம்’ என்று வந்தவுடன் ரூபாய் நோட்டு மழை பொழிவதும், ‘யோசித்துப் பாருங்கள்’ என்றதும் யாரோ தாடையில் கைவைத்து நிற்பதும் கண்ணை இழுக்கத்தான் செய்கின்றன. அவை ஆனி லாங்கின் ஆய்வில் வந்த தொடர்பில்லாத வெட்டின் உறவினர்கள். சொல்லோடு ஒட்டியிருப்பதாகத் தோன்றினாலும், பேச்சில் இல்லாத செய்தி எதுவும் அவற்றில் இல்லை. ஒரு காட்சியை நீக்கிவிட்டுப் பார்க்கும்போது பேச்சில் எதுவும் புரியாமல் போகவில்லையென்றால், அது சாக்பீஸ் விழுந்த ஓசைதான்.

வெள்ளை மின்னல்களை இடைமாற்றமாகப் பயன்படுத்துபவர்கள் ஒரு பாதுகாப்பு எல்லையையும் நினைவில் வைக்க வேண்டும். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் திரை பளிச்சிடக்கூடாது என்று இணைய அணுகல் நெறிகள் சொல்கின்றன. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு சிறுவர் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் வலிப்பு, மயக்கம் என்று மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

## வரைபடம் என்ன சொல்கிறது

யூடியூப் 2012இல் வெறும் பார்வை எண்ணிக்கையை விட்டு, பார்க்கப்பட்ட நேரத்தைக் கொண்டு வீடியோக்களைப் பரிந்துரைக்கத் தொடங்கியது. நொடிக் கணக்கு அறிவுரைகள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். வீடியோவின் ஒவ்வொரு கணத்திலும் எத்தனை விழுக்காட்டினர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காட்டும் கோட்டுக்கு ரிடென்ஷன் வரைபடம் என்று பெயர். யூடியூப் ஸ்டூடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் இது கிடைக்கும். தொடக்கத்தில் கோடு செங்குத்தாக இறங்குவது எல்லா வீடியோவிலும் நடப்பது. தவறி வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். அதன்பின் வரும் சரிவுகளைத்தான் இரு பத்திப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். பார்த்தவர்கள் சிலரே என்றால் கோட்டின் மேடுபள்ளங்களுக்குப் பொருள் கிடையாது, காத்திருக்க வேண்டும்.

நாம் வைத்த ஒரு மாற்றத்துக்கு ஓரிரு நொடி கழித்துக் கோடு சட்டென்று விழுந்தால், அந்த மாற்றம் தவறான சேதி சொல்லியிருக்கிறது. வீடியோ முடிந்துவிட்டது என்றோ விளம்பரம் வந்துவிட்டது என்றோ பார்ப்பவர் எண்ணியிருக்கலாம். இசை முழங்க வரும் பெயர் அட்டைகள் இதைச் செய்வதில் பேர்போனவை. கோடு ஓரிடத்தில் மேலே எழும்பினால் அந்த இடத்தைச் சிலர் பின்னோக்கி ஓட்டி மீண்டும் பார்த்திருக்கிறார்கள். மேடு என்பதால் மகிழ்ச்சியடைவதற்கு முன், அங்கே ஒரு எழுத்து படிக்க நேரமில்லாமல் மறைந்ததா என்று பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் மூன்று வட்டங்கள் வரும் இடத்தில் அப்படி ஒரு மேடு தெரிந்தால், அடுத்த வீடியோவில் மோதிரக் காட்சியை இரண்டு நொடி கூடுதலாக நிறுத்துவேன்.

மூன்றாவது வகைச் சரிவுதான் ஆட்களை ஏமாற்றுவது. பேச்சின் ஒரு பகுதி முழுவதும் கோடு ஒரே சாய்வில் இறங்கிக்கொண்டே போகும். அதற்குள் பஞ்ச்-இன் இருக்கும், எழுத்து இருக்கும், பி-ரோல் இருக்கும், எதிலும் சாய்வு சற்றும் மாறியிருக்காது. அங்கே கூடுதலாக மாற்றங்களைத் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். அந்த இடத்தில் திறக்க வேண்டியது எடிட்டிங் மென்பொருளை அல்ல, பிரதியின் பேச்சுப் பத்தியை. அந்தப் பகுதிப் பேச்சைத் திரையைப் பார்க்காமல் ஒலியாக மட்டும் ஒருவருக்குப் போட்டுக் காட்டி, எந்த வாக்கியத்தில் அவர் கைபேசியை எடுக்கிறார் என்று பார்த்தால் வெட்ட வேண்டிய இடம் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அந்த வேலையைச் சித்திதான் செய்கிறார்.